ஓம்ப்ரின் கூண்டில் எத்தனை மீன், எவ்வளவு தீவனம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரிஷியஸின் தென்கிழக்கே, மஹேபூர், கிராண்ட் போர்ட் பக்கத்து லகூனில் கூண்டு வைத்து வளர்க்கும் முக்கிய மீன் ஓம்ப்ரின். வாலடியில் கறுப்புப் பொட்டு வைத்த இந்த மீனின் அறிவியல் பெயர் சயனாப்ஸ் ஒசெல்லேட்டஸ். அட்லாண்டிக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது, நம் கடலுக்குச் சொந்தமில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் ஒரே ஒரு கற்பனைக் கூண்டைச் சுற்றித்தான். சட்டம் 5 மீட்டருக்கு 5 மீட்டர். வலையின் உயரம் நாலரை மீட்டர். குஞ்சு 10 கிராமில் உள்ளே போகிறது, 1 கிலோவில் வெளியே வருகிறது. வேறு மீனுக்கும் வேறு கூண்டுக்கும் எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

ஒரு கன மீட்டருக்கு எத்தனை குஞ்சு விடலாம்? ஒரே எண்ணாகச் சொல்லுங்களேன்.

சொல்லலாம், நம் கூண்டுக்கு ஏறக்குறைய 18. ஆனால் அந்த எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வுத்தாளில் மட்டும்தான் உதவும். அடர்த்தியை முடிவு செய்வது குஞ்சு விடும் நாள் இல்லை, அறுவடைக்கு முந்தின நாள். அன்றைக்குத்தான் கூண்டில் எடை உச்சத்தில் இருக்கும். எனவே கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முதலில் கொள்ளளவு. நாலரை மீட்டர் வலையில் ஒரு மீட்டர், மீன் துள்ளி வெளியே விழாமலிருக்க நீருக்கு மேலே நிற்கிறது. மீதி மூன்றரை மீட்டர் நீருக்குள் தொங்கும். நீரோட்டம் வலையைத் தள்ளும்போது அடிப்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும், அதற்கு அரை மீட்டர் கழியுங்கள். மிஞ்சுவது 3 மீட்டர். 5 × 5 × 3 = 75 கன மீட்டர். மூலையில் கட்டிய எடைக்கற்கள் போதாமல் போனால் இந்த 75, காற்று பலமாக அடிக்கும் நாளில் 50 ஆகிவிடும். காகிதத்தில் கன மீட்டருக்கு 15 கிலோவாக இருந்த அடர்த்தி அப்போது 22.5 கிலோ. ஒரு மீனைக்கூடக் கூடுதலாக விடாமலே கூண்டு நெரிசலாகிப் போகும். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது இறுதி எடை. லகூனுக்குள் நிற்கும் சிறிய கூண்டுக்குக் கன மீட்டருக்கு 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 75 × 15 = 1,125 கிலோ. மீன் ஒன்றுக்கு 1 கிலோ என்றால் 1,125 மீன் உயிரோடு வேண்டும். நூற்றுக்கு 85 பிழைக்கும் என்று எடுத்தால் 1,125 ÷ 0.85, அதாவது ஏறத்தாழ 1,320 குஞ்சு. 1,320 ÷ 75 = 17.6. மேலே சொன்ன 18 இப்படி வந்ததுதான்.

அப்படியானால் 10 கிராம் குஞ்சு 1,320-ஐயும் நேராகப் பெரிய கூண்டிலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். 1,320 குஞ்சும் சேர்ந்து 13 கிலோதான் இருக்கும். 75 கன மீட்டரில் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். நீங்கள் வீசும் தீவனம் குஞ்சு வந்து சேர்வதற்குள் அடிவலையைத் தாண்டிப் போய்விடும். இன்னொரு சிக்கல் வலைக் கண்ணி. 10 கிராம் குஞ்சு நழுவாமலிருக்க முடிச்சுக்கு முடிச்சு 6 மில்லிமீட்டர் கண்ணி வேண்டும். அவ்வளவு சின்னக் கண்ணியைப் பெரிய கூண்டு முழுக்கக் கட்டினால் பாசி சீக்கிரம் அடைத்து, தண்ணீர் உள்ளே வராது.

அதனால் முதல் கட்டத்துக்கு 2 × 2 மீட்டர், நீருக்குள் ஒன்றரை மீட்டர் ஆழம், ஆக 6 கன மீட்டர் நாற்றங்கால் கூண்டு போதும். கன மீட்டருக்கு 220 குஞ்சு என்பது பார்க்க அதிகம், எடையில் 2 கிலோ சொச்சம்தான். 40 கிராம் வரும்போது சுமார் 9 கிலோ ஆகியிருக்கும், அப்போது பெரிய கூண்டுக்கு மாற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் இறப்பதைவிடக் காணாமல் போவதுதான் அதிகம். ஓம்ப்ரின் தன் இனத்தையே தின்னும். கூட்டத்தில் நாலு குஞ்சு மட்டும் முந்தி வளர்ந்து, வயிறு புடைத்துத் திரிந்தால் சந்தேகப்படுங்கள். செத்த மீன் மிதக்காது, எண்ணிக்கை மட்டும் குறையும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளவு பிரித்து, பெரியவற்றைத் தனியே எடுப்பதுதான் மருந்து. கண்ணி சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. இருப்பதிலேயே சின்னக் குஞ்சின் தலையை, ஈரக் கையால் பிடித்து, கண்ணிக்குள் மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள். செவுள் மூடி கண்ணியைத் தாண்டி உள்ளே போனால் அந்த வலை அந்தக் கூட்டத்துக்கு ஆகாது.

கன மீட்டருக்கு 15 கிலோ தாங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? 25 கிலோ ஏன் கூடாது?

ஆக்சிஜனை வைத்து. இடநெருக்கடியால் மீன் சாவது அபூர்வம். மூச்சு முட்டித்தான் சாகும். எனவே கேள்வி, கூண்டுக்குள் மணிக்கு எத்தனை கிராம் ஆக்சிஜன் வருகிறது, மீன் எத்தனை கிராம் எடுக்கிறது என்பதுதான்.

தீவனம் தின்று செரித்துக்கொண்டிருக்கும் மீன், வெப்ப நீரில், கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பட்டினி கிடக்கும் மீனுக்கு 200 போதும். கூண்டில் 1,125 கிலோ இருப்பதால், தின்ற மீனுக்கு மணிக்கு சுமார் 338 கிராம், தின்னாத மீனுக்கு 225 கிராம் தேவை.

இனி வரவு. கூண்டின் ஒரு பக்க முகம் 5 × 3 = 15 சதுர மீட்டர். வெளியே நீரோட்டம் நொடிக்கு 5 சென்டிமீட்டர், சுத்தமான வலை அதில் பாதியை உள்ளே விடுகிறது என்றால் நொடிக்கு 0.375 கன மீட்டர், மணிக்கு 1,350 கன மீட்டர் தண்ணீர் நுழையும். வரும் நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம், வெளியேறும் நீரில் 5 இருக்க வேண்டும் என்று வைத்தால், கன மீட்டருக்கு 1 கிராம் நமக்குக் கிடைக்கும். மணிக்கு 1,350 கிராம் வரவு, 338 கிராம் செலவு. இந்த நாளைப் பார்த்தால் 25 கிலோ என்ன, 40 கிலோகூட விடலாம் என்று தோன்றும்.

ஆனால் கூண்டை அந்த நாளுக்காகக் கணக்கிடக் கூடாது. காற்றே இல்லாத ஒரு கோடை விடிகாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். வலையில் பாசி படிந்து பத்தில் மூன்று பங்குதான் உள்ளே விடுகிறது. நொடிக்கு 0.045 கன மீட்டர், மணிக்கு 162 கன மீட்டர். வெளி நீரிலேயே ஆக்சிஜன் 5 தான், 4-க்குக் கீழே விடக்கூடாது. வரவு 162 கிராம். முந்தின நாள் சாயங்காலம் நிறையத் தின்ற மீனின் செலவு 338. மணிக்கு 176 கிராம் துண்டு விழுகிறது. கூண்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் 75 கன மீட்டர் நீரில் சேமிப்பு 75 கிராம். அது 26 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அதே விடிகாலை, அதே மீன், அதே பாசி படிந்த வலை. முந்தின சாயங்காலத் தீவனத்தை மட்டும் நிறுத்தியிருந்தால் செலவு 225, துண்டு 63 கிராம், சேமிப்பு 70 நிமிடத்துக்குத் தாங்கும். வலையையும் மாற்றியிருந்தால் பாதி நீரோட்டம் உள்ளே வரும், வரவு 270 கிராம். 225 செலவுக்கு 270 வரவு, துண்டே விழாது. வலை சுத்தமும் தீவனக் கட்டுப்பாடும் சேர்ந்தால்தான் 15 கிலோ தாங்கும். 25 கிலோ விட்டால், பட்டினி மீனுக்கே மணிக்கு 375 கிராம் வேண்டும். புத்தம் புது வலை கட்டினாலும் அந்தக் காலையில் கிடைக்காது.

இந்தக் கணக்கு கூண்டுக்குள் நீர் முழுக்கக் கலந்துவிடுகிறது என்று வைத்துப் போட்டது. நிஜத்தில் நீரோட்டம் வெளியேறும் பக்கத்தில் இன்னும் குறைவாக இருக்கும். எனவே ஆக்சிஜன் மீட்டரை அந்தப் பக்கத்தில், ஒன்றரை இரண்டு மீட்டர் ஆழத்தில் இறக்கி அளவெடுங்கள். நடைபாதையில் நின்று மேல்நீரில் அளந்து எழுதும் 6.2-க்கு மதிப்பில்லை.

நம்ம லகூனில் இது எந்த மாதத்தில் நடக்கும்? கடல் தினம் ஏறி இறங்குதே, தண்ணீர் மாறாதா?

இங்கே ஓதம் அவ்வளவு பலமானதில்லை. பெரிய ஓத நாளிலும் நீர்மட்டம் ஏறி இறங்குவது அரை மீட்டர் சொச்சம்தான். லகூன் நீரை நகர்த்துவது பெரும்பாலும் அலையும் காற்றும். பவளத்திட்டின் மேல் அலை உடைந்து உள்ளே கொட்டும் நீர், திட்டின் இடைவெளி வழியாக வெளியே போகும். தென்கிழக்கு அலிசே காற்று அடிக்கும் மே முதல் அக்டோபர் வரை நீர் நன்றாக ஓடும், வெப்பமும் 22, 23 டிகிரிக்கு இறங்கும். 22 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.1 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும். 28 டிகிரியில் 6.4 தான்.

ஆபத்து டிசம்பர் முதல் மார்ச் வரை. நீர் சுடும், அதனால் ஆக்சிஜன் குறையும், மீனின் பசி கூடும், வலையில் பாசியும் கொட்டலசும் வேகமாக ஏறும். இந்த நாலும் ஒன்றாகச் சேரும் நேரத்தில் காற்றும் நின்றுபோனால் மேலே போட்ட 26 நிமிடக் கணக்குதான். புயல் தூரத்தில் இருக்கும்போது சில நாள் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். புயலைவிட அந்த அமைதியான காலைகளைக் கவனியுங்கள். லகூன் அடியில் உள்ள கடற்புல்லும் பாசியும் இரவில் ஆக்சிஜனை எடுப்பதால் அன்றைய மிகக் குறைந்த அளவு விடிவதற்குச் சற்று முன்னும் பின்னும்தான் இருக்கும்.

இதிலிருந்து ஒரு திட்டம் கிடைக்கிறது. 10 கிராமிலிருந்து 1 கிலோவுக்கு, வெப்பத்தைப் பொறுத்து 12 முதல் 15 மாதம் ஆகும். டிசம்பரில் குஞ்சு விட்டால் கூண்டு அடுத்த கோடையில் சரியாக உச்ச எடைக்கு வரும். ஆகஸ்டில் விட்டால் அடுத்த ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் இடையில் மீன் வெளியே போய்விடும். குஞ்சு கிடைக்கும் மாதத்தில் விடுவதா, கூண்டுக்கு ஏற்ற மாதத்தில் விடுவதா என்பதில்தான் பல வளர்ப்புகளின் தலையெழுத்து தீர்மானமாகிறது.

தினம் எத்தனை கிலோ தீவனம் போடுவது?

மீனின் மொத்த எடையில் இத்தனை சதவீதம் என்று தொடங்க வேண்டும், அந்தச் சதவீதம் மீன் வளர வளரக் குறையும். 26 முதல் 28 டிகிரி நீருக்குத் தொடக்க மதிப்புகள்:

| மீன் எடை | குருணை அளவு | தினத் தீவனம், உடல் எடையில் |
|---|---|---|
| 10 கிராம் | 2 மி.மீ | 6% |
| 50 கிராம் | 3 மி.மீ | 4% |
| 200 கிராம் | 5 மி.மீ | 2.5% |
| 300 கிராம் | 6 மி.மீ | 1.8% |
| 500 கிராம் | 8 மி.மீ | 1.5% |
| 1 கிலோ | 8 மி.மீ | 1% |

குளிர் மாதங்களில் 23 டிகிரிக்கு வரும்போது இதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, மீன் கேட்டால் மட்டும் கூட்டுங்கள்.

மாதம் ஒருமுறைதான் எடை பார்க்கிறோம், நடுவில் மீன் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு போட்டால் நாலாவது வாரம் மீன் அரைப்பட்டினி. அதற்காக வாரம் ஒரு கணிப்பு. 300 கிராம் கட்டத்தில் கூண்டில் 1,180 மீன், மொத்தம் 354 கிலோ. 1.8 சதவீதம் என்றால் தினம் 6.4 கிலோ, ஏழு நாளில் 45 கிலோ. மீன் ஒரு கிலோ கூடுவதற்கு ஆகும் தீவனம், அதாவது தீவன மாற்று விகிதம், 1.9 என்று வைத்தால் 45 ÷ 1.9, சுமார் 24 கிலோ மீன் எடை கூடியிருக்கும். புது எடை 378 கிலோ, இரண்டாவது வாரத் தீவனம் 6.8 கிலோ. இதேபோல் மூன்றாவது வாரம் 7.2, நாலாவது வாரம் 7.7. நாலு வாரம் முடியும்போது 458 கிலோ, மீன் ஒன்றுக்கு 388 கிராம் என்று கணக்கு சொல்லும். பிறகு மாதிரி எடை எடுத்து, கணிப்பும் நிஜமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள்.

அட்டவணை எதற்கு? மீன் தின்கிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்கலாமே.

மீன் எப்போது போதும் என்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. ஓம்ப்ரின் முதல் இரண்டு மூன்று நிமிடம் நீர்மட்டத்தைக் கலக்கும். பிறகு கீழே இறங்கி, அங்கேயே தின்றுகொண்டிருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர் மேலே சலசலப்பு நின்றதும் நிறுத்திவிடுவார், இன்னொருவர் சலசலப்பு வரட்டும் என்று கொட்டிக்கொண்டே இருப்பார். இரண்டும் தவறு.

அட்டவணைக் கணக்கில் கிடைத்த அளவை வாளியில் எடை போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் வரும் பக்கத்தில் நின்று வீசுங்கள், அப்போதுதான் குருணை கூண்டைக் குறுக்காகக் கடக்கும். முதல் பாதியை வேகமாக, அடுத்த பாதியைக் கை கையாக. அடிவலைக்கு அரை மீட்டர் மேலே, ஓரத்தில் விளிம்பு வைத்த வலைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். போட்டு முடித்துப் பத்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தட்டில் ஒன்றுமே இல்லையென்றால் நாளைக்கு நூற்றுக்கு 5 கூட்டலாம். விரல் விட்டு எண்ணும் அளவு என்றால் சரி. ஒரு கைப்பிடி கிடந்தால் நாளைக்குப் பத்து சதவீதம் குறையுங்கள். மூன்று நாள் தொடர்ந்து கிடந்தால் தீவனத்தைக் குறைப்பதோடு நிறுத்தாமல் காரணம் தேட வேண்டும். ஆக்சிஜன், நோய், அல்லது எண்ணிக்கை.

சிறிய குஞ்சுக்கு நாளுக்கு நாலைந்து வேளை, 200 கிராமுக்கு மேல் இரண்டு வேளை போதும். காலை வேளையைக் கடிகாரம் பார்த்துத் தொடங்காதீர்கள். கூண்டுக்குள் ஆக்சிஜன் 5 தொட்ட பிறகு தொடங்குங்கள். 4-க்குக் கீழே இருந்தால் அன்று தீவனமே இல்லை. பட்டினியால் ஒரு நாளில் மீன் சாவதில்லை.

மூழ்கும் தீவனமா, மிதக்கும் தீவனமா?

மெதுவாக மூழ்குவது. மிதப்பதைக் காற்று கூண்டுக்கு வெளியே தள்ளிவிடும், வேகமாக மூழ்குவது மூன்று மீட்டரைச் சில நொடிகளில் கடந்துவிடும்.

மாதிரி எடைக்கு எத்தனை மீன் பிடிக்க வேண்டும்? எண்பது பிடித்தும் தப்பாக வந்தது.

எண்பது போதும், பிடித்த விதத்தில்தான் தப்பு இருக்கும். தீவனம் வீசி, மேலே வருவதைக் கைவலையால் அள்ளினால் முந்தி வருவது பெரிய மீன். உங்கள் சராசரி நிஜத்தைவிடக் கூடிவிடும், அதன் மேல் கணக்கிடும் தீவனமும் கூடிவிடும். சரியான வழி, வலையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கூட்டத்தையே ஒரு மூலைக்கு ஒதுக்கி, மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அள்ளுவது. அள்ளிய ஒவ்வொரு கைவலையிலும் உள்ள எல்லா மீனையும் எடை போடுங்கள். சின்னதைத் திருப்பி விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எழுதுவது பழக்கமாகவே பலரிடம் உண்டு.

முந்தின நாள் தீவனம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வயிற்றில் உள்ள தீவனத்தையும் மீன் என்று எழுதுவீர்கள். நீரோடு வாளியை எடை போட்டு, பத்துப் பத்து மீனாகப் போட்டு வித்தியாசத்தைக் குறித்தால் மீன் செதில் உரியாது. சராசரியோடு மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எழுதி வையுங்கள். சராசரி சரியாக வளர்ந்து, சின்னதும் பெரியதும் மட்டும் மாதாமாதம் விலகிக்கொண்டே போனால் தீவனம் எல்லா மீனுக்கும் எட்டவில்லை என்று பொருள். அளவைக் கூட்டுவதற்கு முன், வீசும் பரப்பை அகலமாக்குங்கள்.

ஏட்டில் தீவன மாற்று விகிதம் 1.9 என்றே இருந்தது. அறுவடையில் பார்த்தால் 2.45. தீவனம் கெட்டுப்போனதா?

தீவனத்தின் மேல் பழி போடுவதற்கு முன் மீனை எண்ணுங்கள். நம் கூண்டையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் போட்ட தீவனம் 2,100 கிலோ. ஏட்டின்படி இறப்பு கழித்து 1,120 மீன், ஒவ்வொன்றும் 1 கிலோ. குஞ்சின் தொடக்க எடை 13 கிலோவைக் கழித்தால் வளர்ச்சி 1,107 கிலோ. 2,100 ÷ 1,107 = 1.9. அறுவடையில் வந்தது 870 மீன். வளர்ச்சி 857 கிலோ. 2,100 ÷ 857 = 2.45. இருநூற்றைம்பது மீன் நடுவில் எப்போதோ போய்விட்டது.

மாதாந்தர ஏடு இதை ஏன் காட்டவில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஏடு, மாதிரி மீனின் சராசரி எடையைத் தன்னிடம் உள்ள எண்ணிக்கையால் பெருக்குகிறது. மீன் வெளியே போனால் மிஞ்சியவற்றுக்குத் தலைக்குத் தீவனம் கூடும், அவை நன்றாகவே வளரும். சராசரி நன்றாக வரும், எண்ணிக்கை பழையது, இரண்டையும் பெருக்கினால் விகிதம் அழகாக வரும். ஓட்டை விழுந்த கூண்டின் ஏடு, ஓட்டை இல்லாத கூண்டின் ஏட்டைவிடச் சில மாதம் நன்றாகக்கூட இருக்கும்.

முன்கூட்டியே தெரிய ஒரே வழி, இரண்டு அறிகுறிகளைச் சேர்த்துப் பார்ப்பது. மாதிரி எடை கணிப்பை ஒட்டியோ அதற்கு மேலோ வருகிறது, ஆனால் தட்டில் தினமும் தீவனம் மிஞ்சுகிறது என்றால், மீன் குறைந்திருக்கிறது. எடையும் குறைந்து தீவனமும் மிஞ்சினால் அது நோயோ ஆக்சிஜனோ. எடை குறைந்து தட்டு காலியாக இருந்தால் பட்டினி, அல்லது தீவனத்தின் தரம். முதல் அறிகுறி வந்த அன்றே முக்குளிப்பவரை அனுப்பி, வலையைத் தையல் தையலாகக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அடி மூலையில் எடைக்கயிறு உராயும் இடம், பக்கவலையும் அடிவலையும் சேரும் தையல், நீர்மட்டத்தில் சட்டம் தேயும் கோடு, ஓட்டை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். ஓம்ப்ரின் நம் கடலின் மீன் இல்லை என்பதால், இந்த ஓட்டை உங்கள் கணக்குப் பிரச்சினை மட்டும் இல்லை, லகூனின் பிரச்சினையும்கூட.

வலை மாற்றும் நாளும், கூண்டு மாற்றும் நாளும் எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்புகள். ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. மொத்த எடையை எடுத்துச் சராசரியால் வகுத்தால் போதும்.

கூண்டுக்கு அடியில் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்?

வலையின் அடிக்கும் லகூன் தரைக்கும் நடுவில் குறைந்தது 3 மீட்டர் இருந்தால் நல்லது. காரணத்தை நைட்ரஜன் கணக்கில் பாருங்கள். 45 சதவீதப் புரதம் உள்ள தீவனத்தில் நைட்ரஜன் 7.2 சதவீதம். 2,100 கிலோவில் 151 கிலோ. மீன் உடலில் ஏறத்தாழ 2.7 சதவீதம், 1,107 கிலோ வளர்ச்சியில் 30 கிலோ. மீதி 120 கிலோவும் செவுள் வழியாகவும் கழிவாகவும் மிஞ்சிய குருணையாகவும் லகூனுக்குள் போகிறது. ஒரு சின்னக் கூண்டு, ஒரே சுற்றில். கரைந்துபோவது நீரோட்டத்தோடு போய்விடும், திண்மக் கழிவு அடியில் தங்கும். தரை மண்ணை எடுத்துப் பார்த்து, கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு வந்தால் கூண்டை நகர்த்த வேண்டிய காலம். மேலே வெள்ளைப் படலம் படர்ந்திருந்தால் ஏற்கெனவே தாமதம்.

பராஷ்வாவுக்கும் இதே அடர்த்தி வைக்கலாமா?

கூடாது. பராஷ்வா கல் சுவர் கட்டி மதகு வைத்து அடைத்த நீர். ஓதம் சின்னதாக உள்ள நாட்டில் மதகு வழியாக மாறும் நீர் மிகக் கொஞ்சம். அங்கே இயற்கைத் தீனியை நம்பிக் குறைவாக விட்டு வளர்ப்பதுதான் வழக்கம்.

புயல் எச்சரிக்கை வந்தால் தீவனத்தை என்ன செய்வது?

காற்று வருவதற்கு ஒரு நாள் முன்பே நிறுத்துங்கள். வயிறு காலியான மீன் குலுங்கலையும் ஆக்சிஜன் குறைவையும் தாங்கும். கடந்த பிறகு, மஹேபூர் பக்கம் லா ஷோ ஆறு போன்றவை கரும்புக் காட்டு மண்ணைச் சுமந்து வந்து லகூனைச் சிவப்பாக்கிவிடும். மேல்நீர் உப்புக் குறைந்திருக்கும், மீன் அடியில் ஒதுங்கியிருக்கும். முதலில் வலையைச் சோதியுங்கள், பிறகு ஆக்சிஜன், அதன் பிறகுதான் தீவனம், அதுவும் பாதி அளவில் தொடங்கி.

நவம்பர் வந்துவிட்டது, மீன் இன்னும் 900 கிராம்தான். 1 கிலோ வரும்வரை காத்திருக்கலாமா?

பகுதி அறுவடை செய்யுங்கள். 1,130 மீன், 900 கிராம், 1,017 கிலோ. கன மீட்டருக்கு 13.6 கிலோ. இதில் 1.1 கிலோவைத் தொட்ட 300 மீனைப் பொறுக்கி விற்றுவிட்டால் 330 கிலோ குறையும். மிஞ்சுவது 687 கிலோ, அடர்த்தி 9.2. தின்ற மீனுக்கே மணிக்குச் சுமார் 206 கிராம் ஆக்சிஜன்தான் வேண்டும். அந்த அமைதியான விடிகாலையில், சுத்தமான வலை 270 கிராம் கொடுக்கும் என்று மேலே பார்த்தோம். வலையையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள், பாசி பிடித்த வலையில் 162 தான் வரும்.

பொறுக்கும்போது மீனை ஒரு மூலைக்கு நெருக்குவதால் அந்த மூலையின் அடர்த்தி பல மடங்காகிவிடும். அதற்கு முன் 24 முதல் 36 மணி நேரம் தீவனம் வேண்டாம். வேலையைக் காற்று எழுந்த பிறகு, முற்பகலில் தொடங்குங்கள். ஒரு நெருக்கலுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மீன் வாயைப் பிளந்து மேல்நீரில் நிற்கத் தொடங்கினால், கையில் இருக்கும் மீனை எடுத்துக்கொண்டு வலையை உடனே தாழ்த்திவிடுங்கள், மீதியை நாளைக்குப் பொறுக்கலாம்.